ஏழாவது தளத்துக்கு எத்தனை வார்டன்கள் வேண்டும்?

கேள்வி: டர்பன் நகர மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏழாவது தளத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தளத்தில் 64 பேர் இருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தீ எச்சரிக்கை மணி ஒலித்தபோது யார் முன்னால் நிற்க வேண்டும் என்று எவருக்கும் தெரியவில்லை. சிலர் லிப்டில் இறங்கினார்கள். அறிவிப்புப் பலகையில் இரண்டு பயர் வார்டன்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். தளத்தில் உள்ள அனைவருக்கும் வார்டன் பயிற்சி தரும்படி மேலாளருக்குக் கடிதம் எழுத நினைக்கிறேன். எப்படி எழுதுவது? சட்டத்தைக் குறிப்பிடலாமா? அதனால் எனக்கு ஏதாவது பாதிப்பு வருமா?

பதில்:

கடிதம் எழுதுங்கள், ஆனால் அதில் கேட்கப்போவதை முதலில் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். வார்டன் என்பவர் மணி ஒலித்ததும் வெளியேறுபவர் அல்லர். மற்றவர்கள் வெளியேறும்போது தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியின் கடைசி மூலையிலிருந்து தொடங்கி, கூட்ட அறைகள், கழிப்பறைகள், சமையலறை, பிரிண்டர் அறை என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கதவுகளைப் பூட்டாமல் சாத்திக்கொண்டு, மாடிப்படியை நோக்கி வந்து, கீழே கூடுமிடத்தில் "என் பகுதி காலி" என்றோ "இன்னார் உள்ளே இருக்கிறார்" என்றோ தலைமை வார்டனிடம் சொல்பவர். அந்த வேலையை 64 பேரும் செய்தால் தளத்தில் 64 பேர் திரிவார்களே தவிர, எந்த அறையை யார் பார்த்தார் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மேலாளர் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். வார்டன் பயிற்சி பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நடக்கும். ஒரு நாள் என்றே வைத்துக்கொண்டால், அனைவருக்கும் கேட்பது 64 வேலை நாட்களைக் கேட்பதாகும். எவ்வளவு நல்ல மனமுள்ள மேலாளரும் அதை "அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்" என்று ஒதுக்கிவிடுவார். அதற்குப் பதிலாக எட்டுப் பேருக்கு முழு வார்டன் பயிற்சியும், அனைவருக்கும் ஒரு மணி நேர விளக்கமும் கேட்டால், எட்டுப் பேரின் ஒரு நாள் எட்டு வேலை நாட்கள், 64 பேரின் ஒரு மணி நேரம் இன்னொரு எட்டு வேலை நாட்கள், ஆக மொத்தம் பதினாறு. முதலில் நீங்கள் கேட்க நினைத்ததில் நான்கில் ஒரு பங்கு. தளம் முழுவதற்கும் பயிற்சி வேண்டும் என்ற உங்கள் எண்ணமும் இதில் நிறைவேறுகிறது, ஏனென்றால் லிப்டில் இறங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது வார்டன் பயிற்சி அல்ல, அந்த ஒரு மணி நேர விளக்கமும் அதைத் தொடர்ந்த ஒத்திகையும்தான்.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மேலாளர் கேட்பார், ஆகவே கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வார்டன்களின் எண்ணிக்கையை ஆள்தொகையை வைத்து மட்டும் முடிவு செய்வது பழைய வழக்கம். எல்லோரும் ஐந்து நாளும் வந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இப்போது முதலில் தளத்தைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். உங்கள் தளத்துக்கு இரண்டு மாடிப்படிகள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பகுதி, ஆக இரண்டு பகுதிகள். ஒரு பகுதியில் எந்த நேரத்திலும் ஒரு வார்டனாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு பகுதிக்கு இரண்டு வார்டன்கள் என்று வைத்து, அவர்கள் தத்தம் விருப்பப்படி வாரத்தில் மூன்று நாள் வந்தால், ஒருவர் வராமலிருப்பது ஐந்து நாளில் இரண்டு நாள். இருவரும் ஒரே நாளில் வராமலிருப்பது சராசரியாக 25 வேலை நாட்களில் நான்கு நாள். உண்மையில் அது இன்னும் மோசமாகவே இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் பிடிக்காத நாள் ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை. உங்கள் மணி ஒலித்த நாளும் வெள்ளிதான் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. ஒரு பகுதிக்கு நான்கு பேரை நியமித்து, அவர்கள் வரும் நாட்களைப் பங்கிட்டு எழுதிவிட்டால், நான்கு பேரும் சேர்ந்து வாரத்தில் பன்னிரண்டு வருகைகள் தருகிறார்கள். அதை ஐந்து நாளுக்குப் பிரித்தால் மூன்று நாட்களில் இரண்டிரண்டு பேர், இரண்டு நாட்களில் மும்மூன்று பேர். யாராவது ஒருவர் விடுப்பில் போனாலும் எந்த நாளும் வெறுமையாவதில்லை. இரண்டு பகுதிகளுக்கு எட்டுப் பேர். மூன்று பேரை மட்டும் நியமித்தால் ஒன்பது வருகைகளே கிடைக்கும்; ஏதோ ஒரு நாளில் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவர் காய்ச்சலில் படுத்தால் அந்தப் பகுதி அநாதை.

நான் பணியிடப் பாதுகாப்பு ஆலோசகராக முதலில் போன இடங்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பலகையில் ஐந்து வார்டன்களின் பெயரும் படமும் அழகாகச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை வைத்தபோது ஐவரில் ஒருவர் எட்டு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டிருந்தார், இருவர் வீட்டிலிருந்தார்கள், ஒருவர் வேறு தளத்தில் கூட்டத்தில் இருந்தார், மீதமிருந்த ஒருவர் தம் மடிக்கணினியை மூடிப் பையில் வைப்பதிலேயே முதல் இரண்டு நிமிடங்களைச் செலவிட்டார். அன்றிலிருந்து பலகையை நான் பார்ப்பதில்லை, வருகைப் பதிவேட்டையே கேட்கிறேன். நீங்களும் கடிதத்தில் அந்தப் பலகையின் படத்தையும், அந்த வெள்ளிக்கிழமை இருந்தவர்களின் எண்ணிக்கையையும் அருகருகே வையுங்கள். அதைவிட வலுவான வாதம் வேறில்லை.

கடிதம் எழுதுவதற்கு முன்பு ஒரு நாள் மதிய இடைவேளையில் உங்கள் மேசையிலிருந்து இரண்டு மாடிப்படிகளுக்கும் நடந்து பாருங்கள். படிக்கட்டுக் கதவு மரத்துண்டால் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா, படி வழியில் பழைய நாற்காலிகளோ தண்ணீர் புட்டிகளின் அடுக்கோ இருக்கின்றனவா என்று பாருங்கள். தீயணைப்பான்களில் கடைசியாகப் பராமரித்த தேதி எழுதிய ஒட்டுச்சீட்டு இருக்கும். ஓராண்டைத் தாண்டியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உலர்பொடி வகையில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கரியமிலவாயு வகையில் அழுத்தமானி இருக்காது, ஆகவே அது இல்லை என்று புகார் எழுதிவிடாதீர்கள். ஒரு வாசகர் அப்படி எழுதி, கடிதத்தின் மற்ற நியாயங்களையும் சேர்த்து இழந்தார்.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அட்டையைக் காட்டித் திறக்கும் கதவுகளில் பெரும்பாலானவை காந்தப் பூட்டு கொண்டவை. மின்சாரம் நின்றால் காந்தம் விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் லோட்ஷெடிங் காலத்தில் பல அலுவலகங்கள் அந்தப் பூட்டுகளுக்கும் பேட்டரி வைத்துவிட்டன. மின்சாரம் போனாலும் பூட்டு பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட கதவு தீ எச்சரிக்கை மணியோடு இணைக்கப்பட்டு, மணி ஒலித்ததும் தானாக விட வேண்டும். அது விடாவிட்டால் அருகிலுள்ள பச்சை நிற அவசரப் பெட்டியை உடைத்தோ அழுத்தியோ திறக்க வேண்டும். சென்ற மாதம் மணி ஒலித்தபோது உங்கள் கதவு தானாகத் திறந்ததா, யாராவது அட்டையைக் காட்டித் திறந்தார்களா என்று அங்கிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அட்டையைக் காட்டித்தான் திறந்தார்கள் என்றால் அது பயிற்சியால் தீரும் குறையல்ல, அதைக் கடிதத்தில் தனியாக, முதலிலேயே எழுதுங்கள்.

இனி சட்டம். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழிற்சுகாதாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தில் "வார்டன்" என்ற சொல்லைக் காட்டி, இத்தனை பேருக்கு ஒருவர் என்று கேட்க முடியாது. அந்தச் சட்டம் எண்ணிக்கை சொல்வது பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கு: இருபதுக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் பிரதிநிதி வேண்டும், அலுவலகங்களிலும் கடைகளிலும் ஒவ்வொரு நூறு பேருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒருவராவது வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. அவர் எழுத்து மூலம் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். முதலுதவியாளர் என்பவர் வேறொரு விதியின் கீழ் வருபவர். இந்த மூவரையும் ஒருவராகக் குழப்பி எழுதினால், "எங்களிடம் பிரதிநிதி இருக்கிறாரே" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு பிரிவுகள். ஊழியர்களின் பாதுகாப்பை உறுதி செய்யத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை, நியாயமாக நடைமுறைப்படுத்தக்கூடிய அளவுக்கு, முதலாளி தர வேண்டும் என்பது 8ஆம் பிரிவு. பாதுகாப்பற்ற நிலை ஒன்று ஊழியரின் கவனத்துக்கு வந்தால் அதை முதலாளிக்கோ பிரதிநிதிக்கோ கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. இரண்டாவதுதான் உங்கள் கடிதத்துக்கு உண்மையான அடித்தளம், ஏனென்றால் அது உங்கள் கடமையாகிறது. நீங்கள் குறை சொல்லவில்லை, கடமையைச் செய்கிறீர்கள். பாதிப்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சட்டப்படி செய்ய வேண்டியதையோ செய்யக்கூடியதையோ செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும் அவருடைய ஊதியத்தைக் குறைப்பதையும் 26ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் 26ஆம் பிரிவைக் கடிதத்தில் எழுதாதீர்கள். எவரும் மிரட்டாதபோது கேடயத்தைத் தூக்கினால் எதிரே இருப்பவருக்குச் சண்டை நினைவு வரும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் 2018 செப்டம்பர் 5 அன்று, மாகாணச் சுகாதாரத் துறை இயங்கிய அலுவலகக் கட்டடம் தீப்பிடித்து, மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். இத்தகைய கடிதங்களை அந்தச் சம்பவத்தோடு தொடங்க ஆசை வரும். வேண்டாம் என்பதே என் கருத்து. மேலாளர் மறுக்க முடியாதது சென்ற மாதம் அவருடைய தளத்தில் நடந்ததுதான்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்றாலும் உள்ளடக்கத்தின் அமைப்பு தெரியட்டும் என்று தமிழில் ஒரு மாதிரி தருகிறேன். எண்களையும் விவரங்களையும் நீங்கள் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஏழாவது தளத்துக்குத் தீப்பாதுகாப்பு வார்டன் பயிற்சியும் வெளியேற்ற ஒத்திகையும்.

சென்ற மாதம் வெள்ளிக்கிழமை காலை தீ எச்சரிக்கை மணி ஒலித்தபோது நம் தளத்தில் 23 பேர் இருந்தோம். அவர்களில் வார்டன் எவரும் இல்லை. நான் பார்த்த வரையில் ஐந்து பேர் லிப்டில் இறங்கினார்கள். கூடுமிடத்தில் யாரும் பெயர்களைச் சரிபார்க்கவில்லை. அறிவிப்புப் பலகையிலுள்ள இரு வார்டன்களில் ஒருவர் இப்போது நிறுவனத்தில் இல்லை. தொழிற்சுகாதாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி இந்த நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தளத்தை இரு மாடிப்படிகளுக்கு ஏற்ப இரண்டு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு நால்வராக எட்டு வார்டன்களை எழுத்து மூலம் நியமித்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியிலும் இருவராவது இருக்கும்படி அவர்களின் அலுவலக நாட்களை அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த எட்டுப் பேருக்கு, நம் தளத்திலேயே நடத்தப்படும் ஒரு நாள் வார்டன் பயிற்சியும், மற்ற அனைவருக்கும், ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவாளர்கள், காவலர்கள் உட்பட, ஒரு மணி நேர விளக்கமும் ஏற்பாடு செய்து, அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையில் ஒத்திகை நடத்த வேண்டுகிறேன். இதற்குச் செலவாகும் நேரம் மொத்தம் சுமார் பதினாறு வேலை நாட்கள்.

வார்டனாக இருக்க நான் முன்வருகிறேன். மேலும் மூவர் விருப்பம் தெரிவித்துள்ளனர். பயிற்சி நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்றுத் தரவும் தயாராக இருக்கிறேன். இம்மாத இறுதிக்குள் இது குறித்துப் பேச அரை மணி நேரம் ஒதுக்கினால் நன்றியுடையவனாவேன்.

நகல்: பாதுகாப்புப் பிரதிநிதி."

இதில் இரண்டு இடங்களை விளக்க வேண்டும். துப்புரவாளர்களைச் சேர்த்தது மரியாதைக்காக மட்டுமன்று. அவர்கள் காலை ஆறு மணிக்கே தளத்தில் இருக்கிறார்கள், அப்போது எட்டு வார்டன்களில் ஒருவரும் இருக்க மாட்டார். அவர்களில் பலருக்கு சூலு மொழியில் விளக்கினால்தான் முழுமையாகப் போய்ச் சேரும் என்பதையும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பயிற்சி உங்கள் தளத்திலேயே நடக்க வேண்டும் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பயிற்சி மையத்தின் திறந்த வெளியில் தட்டில் எரியும் தீயை அணைத்துப் பழகுவது பயனுள்ளதுதான். ஆனால் வார்டனின் வேலையில் தொண்ணூறு பங்கு கதவுகளையும் மூலைகளையும் அறிவது, அதை வேறிடத்தில் கற்க முடியாது. தீயணைப்பானைப் பற்றி அவர்கள் மனத்தில் பதிய வேண்டியது, தீ குப்பைக்கூடையைவிடப் பெரிதாகிவிட்டால் தொடக்கூடாது, வெளியேறும் வழி முதுகுப் பக்கம் இல்லாமல் நிற்கக்கூடாது என்பதே. கையில் தூக்கும் சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் தீ அணையாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு இறங்குவதுதான் வேலை.

மேலாளர் பெரும்பாலும் சொல்லக்கூடிய பதில், "அது கட்டட உரிமையாளரின் பொறுப்பு" என்பது. பாதி உண்மை. எச்சரிக்கை மணி, மாடிப்படி, நீர்க்குழாய்ச் சுருள் ஆகியவற்றைப் பல வாடகை ஒப்பந்தங்களில் உரிமையாளரே பராமரிப்பார், உங்கள் கதவின் காந்தப் பூட்டு யாருடையது என்று ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் கடமை மட்டும் முதலாளியை விட்டு நகராது. கூடுமிடமும் தலைமை வார்டனும் மற்ற தளங்களோடு பொதுவானவை என்பதால், ஒத்திகைத் தேதியைக் கட்டட நிர்வாகத்தோடு சேர்ந்து முடிவு செய்யலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும். ஆண்டுச் சம்பளத் தொகை ஐந்து லட்சம் ராண்டுக்கு மேலுள்ள நிறுவனங்கள் அதில் நூற்றுக்கு ஒரு பங்கைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தையும் அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் தம் துறைக்குரிய பயிற்சி ஆணையத்துக்குத் தந்தால் கட்டியதில் நூற்றுக்கு இருபது பங்கு திரும்பக் கிடைக்கும். வார்டன் பயிற்சியையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கும்படி மனிதவளத் துறையைக் கேட்கலாம்.

எல்லாம் நடந்து முடிந்து, சான்றிதழ்களும் வந்த பிறகு, அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மூன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு பகுதிகளிலிருந்தும் "காலி" என்ற சொல் தலைமை வார்டனிடம் வந்து சேர எத்தனை நிமிடம் ஆயிற்று? காந்தப் பூட்டு அட்டை காட்டாமலே விட்டதா? கழிப்பறைக்குள் முன்கூட்டியே ஒருவரை இருக்கச் சொல்லி, அவரை வார்டன் கண்டுபிடித்தாரா? கடைசியானதை வார்டன்களுக்குச் சொல்லாமல் செய்யுங்கள், உள்ளே இருப்பவருக்கு மட்டும் சொல்லிவிடுங்கள்.